சுகர் பார்க்கப் பத்து நிமிடம்: மேலாளருக்கு ஒரு கடிதம்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலாளருக்கு எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். "எனக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உள்ளது. தினமும் ஊசி போட்டுக்கொள்கிறேன். அவ்வப்போது சுகர் பார்க்க வேண்டியிருப்பதால் தாங்கள் ஒத்துழைப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." படித்த மேலாளருக்கு மனம் இளகும். "சரிம்மா, பாத்துக்கோ" என்பார். அடுத்த சனிக்கிழமை கடை நிரம்பி வழியும்போது "இப்ப எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்பவரும் அவரேதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவ்வப்போது என்றால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் கவுன்ட்டரை யார் பார்ப்பது என்று அந்தக் கடிதம் அவருக்குச் சொல்லவே இல்லை. நோயைப் பற்றி நாலு வரி, கடிகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலையிடத்தில் பஞ்சாயத்து வருவது கடிகாரத்தை வைத்துத்தான்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒருவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதன் மூன்றாவது மாடியில் பில்லிங் கவுன்ட்டரில் இருக்கும் பெண். அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஊசியை விட்டால் வேறு வழி கிடையாது. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் ரெகுலர் இன்சுலின், இரவு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்னொன்று. வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 7 மணி வரை. நடுவில் ஒரு மணி நேரம் மதியச் சாப்பாடு, 11.15-க்கும் 4.30-க்கும் கால் மணி நேரம் டீ. மதியச் சாப்பாடு பேட்ச் பேட்ச்சாக: 12.30, 1.15, 2.00.

கடிதம் எழுத உட்காரும் முன் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை நிமிடங்களை எண்ணுவது. குளுக்கோமீட்டர் ஐந்து விநாடியில் எண்ணைக் காட்டிவிடும். அதை நம்பி "ரெண்டு நிமிஷம் போதும் சார்" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். போய்வர எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும்போது பேச்சில் நம்பிக்கை போகிறது. நேரம் போவது மீட்டரில் இல்லை. கவுன்ட்டரிலிருந்து அறைக்கு நடக்க இரண்டு நிமிடம். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க ஒரு நிமிடம். விரலில் குத்தி, ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைத்து, எண்ணைப் பார்த்து எழுத ஒரு நிமிடம். ஊசியும் போடுவதென்றால் மருந்தை ஏற்றிப் போட்டு முடிக்க மூன்று நிமிடம். திரும்பி நடக்க இரண்டு நிமிடம். ஆக மொத்தம் ஒன்பது. கடிதத்தில் பத்து என்று எழுதலாம். கூட்ட நாளில் ஒருமுறையும் சாதாரண நாளில் ஒருமுறையும் நிஜமாகவே நடந்து பார்த்து எழுதுவது நல்லது. கூட்ட நாளில் லிஃப்ட் வராது, படியில்தான் இறங்க வேண்டும்.

கை கழுவும் ஒரு நிமிடத்தைச் சேமிக்கத் தோன்றும். அதை மட்டும் விடக்கூடாது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கொடுத்த கேசரியையோ வாழைப்பழத்தையோ தொட்ட விரலில் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஊசியை இரண்டு யூனிட் கூட்டிப் போட்டால், மூன்று மணி நேரம் கழித்துச் சுகர் இறங்கிவிடும். கழுவ முடியாத நேரத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வைப்பது ஓரளவு உதவும். ஆனாலும் கேட்கப்போகும் இடம் குழாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, எந்தெந்த நேரம் என்று வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். காலை 11.15-க்கு ஒரு தடவை: காலை ஊசியின் வேகம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அப்போது டீ இடைவேளையே வருகிறது. 12.45-க்கு மதிய ஊசிக்கு முன் ஒரு தடவை. இது இடைவேளைக்கு வெளியே. மாலை 4.30-க்கு ஒரு தடவை. அதுவும் டீ நேரம். 7 மணிக்கு ஸ்கூட்டியை எடுப்பதற்கு முன் ஒரு தடவை. அது அவருடைய சொந்த நேரம், அறை மட்டும் இருந்தால் போதும். இப்படி எழுதியதும் ஒன்று தெளிவாகிறது. நாளைக்கு நாலு தடவை என்று கேட்டால் மேலாளர் மலைத்துப்போவார். உண்மையில் கடை நேரத்திலிருந்து புதிதாகக் கேட்பது 12.45-க்கு ஒரு பத்து நிமிடம்தான். இந்தக் கணக்கைக் கடிதத்தின் முதல் பாதியிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தவரை, பேசும் தோரணையையே மாற்றிவிடுவது இந்தக் கணக்கு.

இனி மதியச் சாப்பாடு. கடிதத்திலேயே முக்கியமான இடம் இதுதான், பலர் எழுதாமல் விடுவதும் இதைத்தான். அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கும், இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். 12.45-க்குப் போட்டால் 1.15-க்கு இலையில் கை வைத்தாக வேண்டும். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. "இந்த ரெண்டு பில்லை மட்டும் முடிச்சுட்டுப் போம்மா" என்று யாராவது சொல்லி, இரண்டு பில் பத்தாகி மணி 1.50 ஆனால், வயிற்றில் சாப்பாடு இல்லாமல் ரத்தத்தில் மருந்து மட்டும் வேலை செய்யும். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். கணக்கும் தடுமாறும். ஒரே புடவையை இரண்டு முறை ஸ்கேன் செய்வார், தள்ளுபடியை விட்டுவிடுவார், வாடிக்கையாளர் கேட்பது காதில் விழுந்தும் பதில் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியும்.

அதனால் கடிதத்தில் ஒரு எல்லைக்கோடு வேண்டும். சாப்பாட்டு பேட்ச்சை மாற்றுவதாக இருந்தால் 12.45-க்கு முன்னால் சொன்னால் ஊசியையும் தள்ளிவைத்துக்கொள்ளலாம். ஊசி போட்ட பிறகு சாப்பாட்டை நகர்த்த முடியாது. இப்படி எழுதினால் மேலாளருக்கும் ஒரு வசதி கிடைக்கிறது. முகூர்த்த நாளில் 2 மணி பேட்ச்சுக்குத்தான் ஆள் விட முடியும் என்றால் அவர் முன்கூட்டியே சொல்லலாம், இவரும் 1.30-க்கு ஊசி போடலாம். எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் 30/70 கலவை இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தக் கலவையில் மெதுவாக வேலை செய்யும் பகுதி மதியத்தில்தான் உச்சத்துக்கு வரும். காலையில் போட்டாயிற்று, மதியம் தள்ளிவைக்க ஊசி ஏதும் இல்லை. அவர்கள் பேட்ச் மாற்றத்துக்கே இடம் கொடுக்காமல் எழுத வேண்டும். சாப்பிடும்போது போடும் அதிவேக இன்சுலின் பேனா வைத்திருப்பவருக்கு அரை மணி காத்திருப்பும் இல்லை. சாப்பாட்டு இடைவேளை தொடங்கியதும் போட்டுக்கொண்டு சாப்பிடலாம், தனியாகப் பத்து நிமிடம்கூடக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே அடுத்தவர் கடிதத்தை அப்படியே பார்த்து எழுதக்கூடாது.

தனி இடம் என்று கேட்டால் "பாத்ரூம் இருக்கே" என்ற பதில் முதலில் வரும். ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. குப்பியிலிருந்து சிரிஞ்சில் மருந்து ஏற்றுபவருக்கு வெளிச்சமும் சமமான ஒரு பரப்பும் வேண்டும். இங்கே மருந்துக் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு. அதற்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். காற்றுக் குமிழி இருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் நின்றுகொண்டு, குப்பியைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு, வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அதைச் சரியாகச் செய்ய முடியாது. ஸ்ட்ரிப் டப்பாவும் ஈரத்துக்கு ஆகாது. மூடியைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப்கள் கெட்டுத் தப்பான எண் காட்டும்.

ஜவுளிக்கடையில் அடுத்து நினைவுக்கு வருவது டிரையல் ரூம். தாழ்ப்பாள் உண்டு, வெளிச்சம் உண்டு. ஆனால் கூட்ட நாளில் வெளியே வரிசை நிற்கும், உள்ளே சாமான் வைக்க இடம் இருக்காது, கை கழுவ வழியில்லை. தையல் ஆல்ட்டரேஷன் பிரிவை ஒட்டிய சிறு அறை, கணக்கர் அறை, முதலுதவிப் பெட்டி வைத்திருக்கும் அறை, இவற்றில் ஒன்று பெரும்பாலும் ஒத்துவரும். கேட்க வேண்டியது ஐந்து: உள்ளே தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, ஒன்றரை அடி மேசை, நல்ல விளக்கு, பக்கத்தில் குழாய். இவற்றோடு இன்னொன்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும்: அந்த இடத்தில் கேமரா இருக்கக்கூடாது. வயிற்றில் ஊசி போட உடையை விலக்க வேண்டியிருக்கும். ஸ்டாக் அறைகளில் திருட்டுக்குப் பயந்து கேமரா வைத்திருப்பார்கள். தயங்கி இதைக் கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு அந்த அறைக்கே போக முடியாமல் தவிப்பதைவிட முதலிலேயே கேட்பது மேல். அறைதான் வேண்டும் என்றும் இல்லை. கேமரா பார்வைக்கு வெளியே ஒரு மூலையும் ஒரு ஸ்கிரீனும் போதும் என்று மாற்று யோசனை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய கடைகளில் ஊழியர்கள் பையை மாடிக்குக் கொண்டுபோக முடியாது. செக்யூரிட்டி சோதனை, கீழே லாக்கர், செல்போனுக்கும் தடை. மீட்டர், ஊசி, மருந்து எல்லாம் கீழ்த்தள லாக்கரில் இருந்தால் பத்து நிமிடம் இருபதாகிவிடும். கையளவு பவுச் ஒன்றை மாடிக்குக் கொண்டுசெல்ல எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்றும், செக்யூரிட்டிக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். உள்ளே இருப்பதைப் பட்டியலாகக் கொடுத்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. கையில் சென்சார் ஒட்டி செல்போனில் சுகர் பார்ப்பவர்கள் போனுக்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் சோதனையில் போன் மாட்டும், விளக்கம் சொல்ல யாரும் விட மாட்டார்கள்.

கவுன்ட்டரில் தின்பண்டம் கூடாது என்ற விதிக்குத் துணியில் கறை படும் என்ற நியாயமான காரணம் உண்டு. அதனால் ஜூஸ் கேட்காமல் குளுக்கோஸ் பொடி ஒரு சின்ன டப்பா, அல்லது குளுக்கோஸ் மாத்திரை என்று கேட்டால் மறுக்கக் காரணம் இருக்காது. சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். மூன்று டீஸ்பூன் பொடி ஏறக்குறைய அந்த அளவு வரும். 15 கிராமைப் பொட்டலமாக முன்பே கட்டி வைத்தால், தலை சுற்றும் நேரத்தில் அளக்க வேண்டியதில்லை. சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேர விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தனி அறை கிடைத்துவிட்டது என்பதற்காக, சுகர் இறங்கும் அறிகுறி தெரியும்போது அந்த அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடக்கூடாது. உள்ளே மயங்கினால் யாருக்கும் தெரியாது. தாழ்ப்பாள் திட்டமிட்ட நேரத்துக்கு மட்டும். இறங்கும்போது இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து, பொடியை வாயில் போட்டு, பக்கத்துக் கவுன்ட்டரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விரலில் குத்துவதும் அங்கேயே. உட்கார நாற்காலி இருக்க வேண்டும் என்பது சலுகையும் இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தமே வந்திருக்கிறது.

சட்டம் இதற்கு மேல் எவ்வளவு துணை வரும்? அமெரிக்காவில் 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 2008-ல் அதற்கு வந்த திருத்தமும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இடைவேளையும் இடமும் கேட்க வலுவான பிடியைத் தருகின்றன. 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். நம் நாட்டில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகை இயலாமைகள் உள்ளன. சர்க்கரை நோய் அவற்றில் ஒன்றல்ல. எனவே "இது என் சட்ட உரிமை" என்று தொடங்கும் கடிதம் இங்கே நிற்காது. ஆனால் 1947-ம் ஆண்டு கடைகள் சட்டம் நாலு மணி நேர வேலைக்கு மேல் போகும் முன் ஒரு மணி நேர ஓய்வு தரச் சொல்கிறது. 9.30-க்கு வந்தவருக்கு அந்த நாலு மணி நேரம் 1.30-க்கு முடிகிறது. 1.15-க்குச் சாப்பாடு என்பது ஏற்கெனவே உள்ளதற்குள் அடங்கியதுதான். இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். மறுத்தால் பேசும்போது சொல்ல வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கினால் கடிதம் இப்படி வரும்.

அனுப்புநர்: (பெயர், பணியாளர் எண்), பில்லிங் பிரிவு, மூன்றாவது மாடி.
பெறுநர்: மேலாளர் அவர்கள்.
நகல்: மூன்றாவது மாடி சூப்பர்வைசர்.
பொருள்: தினமும் மதியம் 12.45-க்குப் பத்து நிமிடமும், ஊசி போட ஒரு தனி இடமும் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் உள்ளது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வழக்கமான எல்லா வேலைகளையும் செய்யலாம் என்று மருத்துவர் கொடுத்த சான்றை இணைத்துள்ளேன். வேலை நேரத்தில் நான் மூன்று முறை சுகர் பார்க்க வேண்டும். அவற்றில் இரண்டை 11.15, 4.30 டீ இடைவேளையிலேயே பார்த்துக்கொள்வேன். மூன்றாவதற்கு மட்டும் 12.45 முதல் 12.55 வரை பத்து நிமிடம் தேவை. அப்போது சுகர் பார்த்து மதிய ஊசியும் போட்டுக்கொள்வேன். அந்த நேரத்தில் என் லாகினை மூடிவிட்டு, பக்கத்துக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டுச் செல்வேன்.

ஊசி போட்ட அரை மணியில் நான் சாப்பிட வேண்டும். எனவே என்னை நிரந்தரமாக 1.15 பேட்ச்சில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கூட்ட நாளில் 2 மணி பேட்ச்சுக்கு மாற்ற வேண்டியிருந்தால் 12.45-க்கு முன் தெரிவித்தால் ஊசியைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன். ஊசி போட்ட பிறகு சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் மயக்கம் வரும் அபாயம் உண்டு.

ஊசி போட, தாழ்ப்பாளும் விளக்கும் சிறு மேசையும் நாற்காலியும் உள்ள, கேமரா இல்லாத இடம் தேவை. ஆல்ட்டரேஷன் பிரிவை ஒட்டிய அறை 12.45-க்குக் காலியாக இருப்பதாலும் பக்கத்திலேயே குழாய் இருப்பதாலும் அது எனக்குப் போதும். மாலை 7 மணிக்கு வண்டி எடுக்கும் முன் சுகர் பார்க்கவும் அதையே பயன்படுத்திக்கொள்வேன். அது வசதிப்படாவிட்டால் தாங்கள் சொல்லும் வேறு இடத்தையும் பார்க்கிறேன். மீட்டர், ஸ்ட்ரிப், லான்செட், சிரிஞ்ச், ஒரு இன்சுலின் குப்பி உள்ள சிறு பவுச்சை மாடிக்குக் கொண்டுசெல்ல அனுமதித்து, செக்யூரிட்டிக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். பயன்படுத்திய ஊசிகளைக் கடைக் குப்பையில் போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு நானே எடுத்துச் செல்வேன். கவுன்ட்டரில் குளுக்கோஸ் பொடி டப்பா ஒன்று வைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும்.

எப்போதாவது சுகர் இறங்கினால் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு சரியாகும் வரை, ஏறக்குறைய அரை மணி நேரம், பில் போடாமல் உட்கார்ந்திருப்பேன். நான் பேச முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். இதை என் பக்கத்துக் கவுன்ட்டர் தோழியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது என் வேண்டுகோள்.

இந்த ஏற்பாட்டை இரண்டு வாரம் நடத்திப் பார்த்துவிட்டு, மாற்றம் தேவையென்றால் பேசிக்கொள்ளலாம். தங்கள் சம்மதத்தை இந்தக் கடிதத்தின் நகலிலேயே கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

இந்தக் கடிதத்தில் எத்தனை வருட நோய், மூன்று மாதச் சராசரி சுகர் எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறார், ஒருமுறை ஐசியூவில் இருந்தது, எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றில் எதுவும் மேலாளர் எடுக்க வேண்டிய முடிவுக்கு உதவாது. பயத்தை மட்டும் கூட்டும். டாக்டர் சான்றும் அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்று வரி போதும்: வேலைக்குத் தகுதியானவர், குறித்த நேரத்தில் சுகர் பார்த்து ஊசி போட வேண்டும், ஊசிக்குப் பின் அரை மணியில் சாப்பிட வேண்டும். "வேலைக்குத் தகுதியானவர்" என்ற வரியைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அது இல்லாத சான்றைப் பார்த்தால் மேலாளர் மனத்தில் எழுவது "நாளைக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்ற கேள்விதான். அதன் பிறகு பத்து நிமிடப் பேச்சு, வேலையை விட்டு அனுப்பும் பேச்சாக மாறக்கூடும்.

ஃபிரிட்ஜ் கேட்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பி, வெயில் படாத ஏசி மாடியில் ஒரு நாள் இருப்பதால் கெடாது. பொதுவாக நாலு வாரம் வரை சாதாரண அறை வெப்பத்தில் தாங்கும். கெடுவது வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் வைத்தால்தான். தேவையில்லாத ஒன்றைக் கேட்டால் தேவையானதன் எடை குறையும்.

யாருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்ற வரியைச் சிலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்தச் செய்தி எப்படிப் பரவும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பயத்தைத் தேவையற்றது என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. ஆனால் ஒருவருக்கும் தெரியாமல் வைப்பதும் ஆபத்து. மேலாளர், மாடி சூப்பர்வைசர், பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவர், ஆக மூன்று பேர். செக்யூரிட்டிக்கு நோயின் பெயர் வேண்டாம். "மருந்துப் பவுச், அனுமதி உண்டு" என்பது போதும்.

மேலாளரிடமிருந்து வரக்கூடிய பதில்களில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று: "உனக்கு எதுக்கும்மா கஷ்டம், பில்லிங் வேண்டாம், குடோன்ல போட்டுடறேன்." நல்ல எண்ணத்தில் சொல்வார். ஆனால் குடோனில் தூக்குவதும் ஏறி இறங்குவதும் அதிகம். உடல் உழைப்பு கூடினால் அதே அளவு இன்சுலினுக்குச் சுகர் இன்னும் வேகமாக இறங்கும். தனியாள் வேலையாக இருந்தால் மயங்கினாலும் பார்க்க ஆளில்லை. "ஐயா, உட்கார்ந்து செய்யும் வேலையும் பக்கத்தில் ஒரு ஆளும் இருப்பதுதான் எனக்குப் பாதுகாப்பு, எனக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடம்தான்" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை மாறிப் போனால் திரும்பி வருவது கடினம்.

சம்மதம் கிடைத்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டில் போன நேரம், வந்த நேரம் இரண்டை மட்டும் எழுதி வைத்தால் போதும். சுகர் எண்களை அதில் எழுதக்கூடாது. அவை வேறு நோட்டில். பத்து நிமிடம் தொடர்ந்து பதின்மூன்றாகிறது என்றால் ஏன் என்று தெரிந்துவிடும்: அறை சாவி ஒருவரிடம் மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது குழாயில் தண்ணீர் வராது. சாவியின் நகலைக் கேட்கலாம், கை துடைக்க ஈரத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுவரலாம். சானிடைசர் போட்டால் நன்றாக உலர்ந்த பிறகுதான் குத்த வேண்டும்.

ஏற்பாடு உடைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, மாடி சூப்பர்வைசர் மாறும்போது. புதியவருக்கு எதுவும் தெரிந்திருக்காது, கையெழுத்திட்ட நகலை முதல் நாளே காட்டிவிட வேண்டும். மற்றொன்று ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும். அந்த வாரங்களில் பேட்ச் முறையே கலைந்து, கிடைத்த நேரத்தில் கிடைத்தவர் சாப்பிடுவார்கள். ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே மேலாளரைப் பார்த்து, "ஐயா, இந்த மாசமும் எனக்கு 1.15-தானே?" என்று கேட்டு, அவர் சொல்வதைச் சூப்பர்வைசர் காதில் விழ வைக்க வேண்டும். அதையும் மீறி ஊசி போட்ட பிறகு 1.30 வரை ஆளை விடுவிக்கவில்லை என்றால், அனுமதிக்காகக் காத்திருக்காமல் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, லாகினை மூடிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிவிட வேண்டும்.